புது ஏரியாவுக்கு டார்கெட்: போன வருடக் கணக்கு இல்லாதபோது எதை வைத்துப் போடுவது?

கேள்வி: ஈரோட்டில் மாட்டுத் தீவனம் தயாரித்து விற்கிறோம். இப்போது தருமபுரி பக்கம் சில ஒன்றியங்களைப் புதிதாகத் திறந்து ஒரு ரெப்பையும் போட்டிருக்கிறோம். ஈரோட்டு ரெப் போன வருடம் மாதம் 900 மூட்டை விற்றார், அதோடு 10% சேர்த்து 990 மூட்டையைப் புது ஆளுக்கு டார்கெட்டாக வைக்கலாம் என்கிறார் முதலாளி. இது சரியா?

பதில்: சரியில்லை. அந்த 900 மூட்டை ஈரோட்டில் உங்கள் பெயரும் பழைய டீலர்களும் சேர்ந்து விற்றது. தருமபுரியில் எத்தனை மாடு இருக்கிறது, அவை என்ன தின்கின்றன என்பதை அந்த எண் சொல்லாது. கணக்கை மாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கால்நடைக் கணக்கெடுப்பில் கலப்பின மாடு, நாட்டு மாடு, எருமை எல்லாம் தனித்தனியாக இருக்கும். கறவையில் உள்ளவை, வற்றியவை என்றும் பிரித்திருப்பார்கள். 2019 கணக்கு இப்போது பழையது. அதனால் உள்ளூர் கால்நடை மருந்தகத்திலும் பால் சங்கச் செயலாளரிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, உங்கள் ஏரியாவில் கறவையில் 12,000 கலப்பின மாடுகள் என்று வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலானவர்கள் தவறுவது இதற்கு அடுத்த படியில்தான். உடல் பராமரிப்புக்கு ஒரு கிலோ, கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 400 கிராம் என்பது வழக்கமான தீவனக் கணக்கு. 8 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு 4.2 கிலோ வருகிறது. இதை 12,000 மாட்டால் பெருக்கினால் மாதம் 30,000 மூட்டைக்கு மேல் போகும். ஆனால் அது மாட்டின் தேவை மட்டுமே, சந்தை அல்ல. விவசாயி தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, வீட்டிலேயே அரைத்த மக்காச்சோளம் எல்லாம் போடுவார். மூட்டைத் தீவனத்துக்கு மிஞ்சுவது அதில் ஒரு பகுதிதான். அது எவ்வளவு என்று எந்தப் புள்ளிவிவரமும் உங்களுக்குச் சொல்லாது. ரெப் முதல் இரண்டு வாரம் எதையும் விற்க வேண்டாம். காலையில் பால் ஊற்ற வருபவர்களிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "ஒரு மூட்டை வாங்கினா எத்தனை மாட்டுக்கு, எத்தனை நாள் வருது?" ஐந்தாறு ஊர்களில், ஊருக்குப் பத்துப் பேரிடம் கேட்டாலே ஓரளவு பிடிபடும்.

ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 1.5 கிலோ என்று தெரியவந்தால், 12,000 மாட்டுக்கு 18,000 கிலோ. 50 கிலோ மூட்டையில் நாளுக்கு 360, மாதத்துக்கு 10,800. அப்புறம் தீவனக் கடைகளில் வாரம் எத்தனை மூட்டை இறங்குகிறது என்று விசாரித்து, சங்கங்கள் வழியாகப் போவதையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு வழிக் கணக்கும் பக்கத்தில் வரவில்லையென்றால் 1.5 கிலோ என்ற எண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அந்த 10,800 முழுவதும் உங்களுக்குத் திறந்திருக்காது. பால் சங்கத்திலேயே தீவனம் வாங்கி, பால் பணத்தில் கழித்துக்கொள்பவர்களைக் கடை வழியாகப் பிடிப்பது கடினம். அது 40% என்றால் மீதி 6,480. ஏரியாவில் 60 கடைகள் இருந்து, ஒரு ரெப் மாதம் நான்கு கடை திறந்தால் ஆறு மாதத்தில் 24 கடை. பெரிய கடைகளாகப் பார்த்துத் திறந்தால் கடை விற்பனையில் பாதி அவற்றில் இருக்கும் என்று கொள்வோம்: 3,240 மூட்டை, அதாவது கடைக்குச் சராசரியாக 135. உங்கள் ஈரோட்டுக் கடைகளில் உங்கள் பங்கு 20% என்றால், புது ஊரில் முதல் வருட முடிவில் அதில் பாதியை எதிர்பார்ப்பதுதான் நியாயம். 3,240-இல் 10%, அதாவது மாதம் 324 மூட்டை.

முதலாளியிடம் இதைத் திருப்பிப் போட்டுக் காட்டுங்கள். அதே 24 கடைகளில் 990 மூட்டை விற்க வேண்டுமானால், கடைக்குக் கடை 30% உங்கள் சரக்காக இருக்க வேண்டும். சொந்த ஊரிலேயே 20%தான் என்பது அவருக்கே தெரியும்.

324 என்பது பன்னிரண்டாவது மாதத்துக்கான எண். அதை முதல் மாதமே வைத்தால், ரெப் டீலரைக் கெஞ்சிச் சரக்கை இறக்கிவிட்டு வருவார். தாளில் டார்கெட் முடிந்துவிடும், குடோனில் மூட்டை அப்படியே கிடக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்தால் திரும்பி வருவதும் உங்களிடம்தான். அதனால் முதல் மூன்று மாதம் மூட்டைக்கு டார்கெட் வேண்டாம். எத்தனை கடை திறந்தார், அதில் எத்தனை கடை இரண்டாவது முறை தானாக ஆர்டர் போட்டது என்று பாருங்கள். இரண்டாவது ஆர்டர் வராத கடையை விற்பனையில் சேர்க்காதீர்கள். ஊக்கத்தொகையையும் அதற்கேற்ப வையுங்கள். ஆறாவது மாதத்துக்கு 120 மூட்டை அளவில் வைத்து, அங்கிருந்து ஏற்றலாம். மழை பெய்து பசுந்தீவனம் தாராளமாகக் கிடைக்கும் மாதங்களில் வாங்குவது குறையும், அந்த மாதங்களுக்குக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

இங்கே நான் போட்டிருக்கும் மாட்டு எண்ணிக்கை, கடை எண்ணிக்கை, சதவீதம் எல்லாம் கணக்கு புரிவதற்காக. மூன்றாம் மாத முடிவில் ரெப் கொண்டுவரும் உண்மையான எண்களை அந்தந்த இடத்தில் மாற்றிப் போட்டு டார்கெட்டைத் திருத்துங்கள். ஒரு கடைக்கு எத்தனை மூட்டை போகிறது என்பதை முதலில் மாற்றுங்கள், 324 கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் அதனால்தான்.