மீனத்தின் கடைசிப் பாகையில் சுக்கிரன் நின்றால் அது செத்த கிரகமா?

கேள்வி: என் ஜாதகத்தில் சுக்கிரன் 29 பாகையில் இருக்கிறார். ராசியின் முதல் பாகையிலோ கடைசிப் பாகையிலோ நிற்கும் கிரகத்துக்குப் பலமே இல்லை என்கிறார்களே, உண்மையா?

எந்த ராசியில் 29 பாகை என்று நீங்கள் எழுதவில்லை. உங்களிடம் இதைச் சொன்னவரும் ராசியைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அநேகமாக வீட்டில் உங்களுக்கு வரன் பார்க்கிறார்கள்; சுக்கிரன் களத்திரகாரகன், அதாவது திருமண வாழ்வைக் குறிக்கும் கிரகம் என்பதால் யாரோ அந்த எண்ணைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கியிருக்கிறார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

என் தங்கையின் ஜாதகத்தில் சுக்கிரன் மீனத்தில் 28 பாகை 40 கலையில் இருக்கிறது. ரேவதி நான்காம் பாதம். பொருத்தம் பார்க்கப் போன இடத்தில் ஒரு ஜோதிடர், "சுக்கிரன் ராசி சந்தியில் மாட்டிக்கொண்டது, செத்த கிரகம், தாம்பத்திய சுகம் இருக்காது" என்று என் அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்த மூன்றே வாக்கியங்கள் பல வரன்கள் தட்டிப்போகக் காரணமாயின. அம்மா இரவில் தூங்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் நான் பாகைக் கணக்கைப் படிக்கத் தொடங்கினேன். நான் தொழில்முறை ஜோதிடன் அல்லன். ஆனால் இங்கே எழுதுவது என் சொந்தக் கற்பனையும் அல்ல. பிருகத் பராசர ஹோரா சாஸ்திரத்தைக் கையில் வைத்திருக்கும் எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

'செத்த கிரகம்' என்ற பேச்சு பாலாதி அவஸ்தையிலிருந்து வருகிறது. ஒரு ராசியின் 30 பாகைகளை ஆறு ஆறாக ஐந்து பங்காக்கி, பால, குமார, யுவ, விருத்த, மிருத என்று பெயரிடுகிறார்கள். பால அவஸ்தைக்குக் கால் பங்கு பலன், குமாரத்துக்கு அரை, யுவத்துக்கு முழுமை, விருத்தத்துக்குச் சொற்பம், மிருதத்துக்கு ஒன்றுமில்லை. இது வரை எல்லோருக்கும் தெரியும். பலர் மறந்துவிடுவது அடுத்த வரியை. மேஷம், மிதுனம், சிம்மம் போன்ற ஒற்றைப்படை ராசிகளுக்குத்தான் இந்த வரிசை. ரிஷபம், கடகம், கன்னி போன்ற இரட்டைப்படை ராசிகளில் வரிசை தலைகீழ்: முதல் 6 பாகை மிருதம், கடைசி 6 பாகை பாலம். மீனம் பன்னிரண்டாவது ராசி, இரட்டைப்படை. ஆக, என் தங்கையின் சுக்கிரன் இருப்பது பால அவஸ்தையில். செத்தது என்று சொன்னவர் மேஷத்துக்குரிய கணக்கை மீனத்தின் மேல் போட்டுவிட்டார்.

கால் பங்குதானே என்று கேட்பீர்கள். இந்த அவஸ்தையை மட்டும் வைத்துக் கிரகத்தை அளக்க முடியாது என்பதற்கு உச்ச பாகைகளே சாட்சி. சுக்கிரனின் பரம உச்சம் மீனம் 27 பாகை. செவ்வாயின் பரம உச்சம் மகரம் 28 பாகை. இரண்டும் ராசியின் கடைசிப் பகுதியில்தான் இருக்கின்றன. குருவுக்குக் கடகம் 5, சந்திரனுக்கு ரிஷபம் 3; இவை இரண்டும் இரட்டைப்படை ராசியின் முதல் 6 பாகைக்குள், அதாவது மிருத அவஸ்தையில் விழுகின்றன. பரம உச்சத்தில் நிற்கும் குருவைச் செத்த கிரகம் என்று எந்த ஜோதிடராவது சொல்வாரா? கிரகத்தின் பலத்தை ஆறு வகையாக அளக்கும் ஷட்பலத்தில் உச்ச பலத்துக்கு அதிகபட்சம் 60. உச்சப் புள்ளியிலிருந்து 3 பாகை விலகினால் ஒன்று குறையும். என் தங்கையின் சுக்கிரன் 27 பாகையைத் தாண்டி 1 பாகை 40 கலைதான் போயிருக்கிறது. கணக்குப் போட்டால் 60க்கு 59க்கும் மேல் வருகிறது.

ராசியை ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சத்தையும் பாருங்கள். மீனம் உபய ராசி. அதன் கடைசி 3 பாகை 20 கலை நவாம்சத்திலும் மீனமாகவே வரும். இப்படி இரண்டிலும் ஒரே ராசியில் நிற்பதுதான் வர்கோத்தமம். ராசியிலும் உச்சம், அம்சத்திலும் உச்சம்.

ஆனால் கடைசிப் பாகை என்றால் கவலையே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. எல்லையில் நிற்கும் கிரகத்துக்கு உண்மையான சிக்கல் ஒன்று உண்டு: அது எந்த ராசியில் இருக்கிறது என்பதே பஞ்சாங்கத்தைப் பொறுத்து மாறிவிடும். தங்கை பிறந்தபோது வாக்கியப் பஞ்சாங்கப்படி எழுதிய நோட்டில் சுக்கிரன் மேஷத்தில் இருக்கிறது. ராசி மண்டலம் எங்கே தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் திருத்தம் அயனாம்சம்; லஹிரி அயனாம்சத்தில் திருக்கணிதப்படி போட்டால் மீனம். ராமன் அயனாம்சம் லஹிரியைவிட ஏறக்குறைய ஒன்றரை பாகை குறைவு என்பதால், அதைத் தேர்ந்தெடுத்தால் மறுபடியும் மேஷத்தின் தொடக்கம். உச்சம் போய்விடுகிறது, வீட்டு அதிபதி குருவிலிருந்து செவ்வாய்க்கு மாறுகிறது. நம்பாதவர்கள் சனிப்பெயர்ச்சியை நினைத்துப் பார்க்கட்டும். திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17 அன்று கும்பத்துக்குப் போன சனி, வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20 அன்றுதான் போனார். இடைப்பட்ட மாதங்களில் பிறந்த குழந்தைக்கு இரண்டு ஜாதகத்திலும் சனி வேறு வேறு ராசியில்.

ஆகவே முதல் பாகை, கடைசிப் பாகை என்று கண்டதும் பலனுக்குப் போகாமல் ஸ்புடத்தை, அதாவது கிரகத்தின் துல்லியமான பாகை கலைக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். சுக்கிரன் ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றேகால் பாகைதான் நகரும். பிறந்த நேரத்தில் பத்து நிமிடம் முன்பின் இருந்தாலும் அதன் பாகை அசையாது. லக்னம் அப்படியல்ல, சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். லக்னம் 29 பாகையில் இருந்தால் மருத்துவமனைக் கடிகாரத்தையே சந்தேகிக்க வேண்டும். ரேவதி நான்காம் பாதம், அசுவினி முதல் பாதம் என்றதும் கண்டாந்தம் என்று பயமுறுத்துவார்கள். அது முதன்மையாகச் சந்திரனுக்கும் லக்னத்துக்கும் சொல்லப்பட்ட தோஷம். எல்லாக் கிரகங்களுக்கும் அதை நீட்டிப் பேசும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. மூத்தவர்கள் வேறு கருத்துச் சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். வேண்டாம் என்று முன்பே முடிவு செய்துவிட்ட மாப்பிள்ளை வீட்டார், "ஜாதகம் பொருந்தவில்லை" என்று ஒரு வரி அனுப்பித் தப்பித்துக்கொள்கிறார்கள். சம்பளம் போதவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்று நேரே சொல்லத் துணிவில்லை. பழி பெண்ணின் கிரகத்தின் மேல் விழுகிறது. அவள் புகைப்படமும் பிறந்த நேரமும் முகம் தெரியாதவர்களின் கைபேசிகளில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அழித்துவிடுங்கள் என்று கேட்டால் பதில்கூட வருவதில்லை.

என் தங்கைக்குத் திருமணம் ஆகிவிட்டது. அதை ஜோதிடத்துக்கு ஆதாரமாகவோ எதிராகவோ நான் காட்டவில்லை. ஜோதிடமே பொய் என்று எழுத வருபவர்களுடன் இங்கே வாதாடவும் இல்லை. பார்ப்பதென்றால் விதியை முழுதாகப் பாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

உங்கள் 29 பாகை எந்த ராசி என்று சொல்லுங்கள். மீனமாக இருந்தால் மேலே எழுதியது அப்படியே பொருந்தும். கன்னியாக இருந்தால் அதே வர்கோத்தமம் நீசத்தை இரட்டிப்பாக்கும். நீசத்தை முறிக்கும் நீசபங்கம் இருக்கிறதா என்று தேட வேண்டும். ரிஷபமாக இருந்தால் சுக்கிரன் ஆட்சி வீட்டில் இருந்தும் நவாம்சத்தில் கன்னிக்குப் போய் நீசமாகிவிடும். ராசிக் கட்டத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. எந்த அயனாம்சத்தில் போட்ட ஜாதகம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.