எந்தப் பிரச்சினைக்கு நேரம் வரும்? மூன்று ஓடைகள் பற்றிக் கேள்வி பதில்

பொதுக் கொள்கைப் பாடம் பல வருடம் எடுத்தவன் என்பதால் இந்த வாரக் கேள்விகள் என்னிடம் வந்தன. எல்லாவற்றுக்கும் முடிந்தவரை ஒரே சம்பவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்: அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டணக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ஒரு விஷயம் அரசின் நிகழ்ச்சி நிரலில் எப்படி இடம் பிடிக்கிறது என்பதை மூன்று ஓடைகளாக விளக்கியவர் அமெரிக்க அரசியல் அறிஞர் ஜான் கிங்டன். அவர் ஆராய்ந்த போக்குவரத்துத் துறையில் நடந்த கதைதான் இது, இதில் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது.

முதுகலை மாணவி: மூன்று ஓடை என்றால் முதலில் பிரச்சினை, அடுத்து தீர்வு, கடைசியில் அரசியல், அந்த வரிசைதானே சார்?

இல்லை. அந்த வரிசை பொய் என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கருத்தே வந்தது. கிங்டன் 1976 முதல் 1979 வரை வாஷிங்டனில் சுகாதாரம், போக்குவரத்து ஆகிய இரண்டு துறை ஆட்களையும் உட்கார வைத்துப் பேசினார். 247 பேட்டிகள். எல்லோரும் பிரச்சினையைக் கண்டு பிறகு தீர்வு தேடியதாக அவருக்குத் தெரியவில்லை. பிரச்சினைகள் ஒரு பக்கம், தீர்வுகள் ஒரு பக்கம், அரசியல் ஒரு பக்கம் என்று மூன்றும் தன் தன் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

விமானக் கதையைப் பாருங்கள். 1938இலிருந்து எந்த நிறுவனம் எந்த ஊருக்குப் பறக்கலாம், எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதை சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு என்ற அமைப்பு முடிவு செய்தது. அதற்குப் பிறகு பெரிய தடங்களில் புதிதாக ஒரு நிறுவனத்தையும் அது உள்ளே விடவில்லை. இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை என்று பொருளாதார அறிஞர்கள் 1960களிலேயே எழுதிவிட்டார்கள். அவர்கள் கையில் நல்ல சான்றும் இருந்தது. கலிபோர்னியா மாநிலத்துக்குள் மட்டும் பறந்த ஒரு நிறுவனம் போர்டின் பிடிக்குள் வராது. அதன் லாஸ் ஏஞ்சலஸ்-சான் பிரான்சிஸ்கோ கட்டணம், கிட்டத்தட்ட அதே தூரமுள்ள பாஸ்டன்-வாஷிங்டன் கட்டணத்தில் பாதிகூட இல்லை. ஆக, தீர்வு தயார், ஆதாரம் தயார். ஆனாலும் பல வருடம் ஒன்றும் நடக்கவில்லை. தீர்வு முதலில் பிறந்து, பிரச்சினைக்காகக் காத்துக் கிடந்தது.

ஒரு வாசகர்: இதெல்லாம் சுற்றி வளைப்பு. பெரிய விபத்து நடந்தால் அரசு விழிக்கும், நடக்காவிட்டால் தூங்கும். அவ்வளவுதான் சங்கதி.

பாதி சரி. ஒரு விபத்து, ஒரு நெருக்கடி, கவனத்தைச் சட்டென்று இழுக்கும். ஆனால் தனியாக அது நிற்காது. ஏற்கெனவே மனதில் இருக்கும் ஒரு கவலைக்குத் துணை வந்தால்தான் நிற்கும். இரண்டு வாரம் எல்லோரும் பேசிவிட்டு மறந்துபோன விபத்துகளை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

விமான விஷயத்தில் அப்படி ஒரு விபத்தும் இல்லை. அங்கே வேலை செய்தது ஓர் எண். 1974இல் அமெரிக்கப் பணவீக்கம் 11 சதவீதத்தை ஒட்டி இருந்தது. எரிபொருள் விலை ஏறி, விமான நிறுவனங்கள் கட்டண உயர்வு கேட்டன, போர்டும் கொடுத்தது. அதுவரை ‘விமானம் என்றால் விலை அதிகம்’ என்பது வெயில் மாதிரி, அப்படித்தான் இருக்கும் என்று சகித்துக்கொண்ட நிலைமை. நாடு முழுவதும் விலைவாசியைப் பற்றிப் புலம்பும்போது ஓர் அரசு அமைப்பே விலையை ஏற்றுகிறது என்று ஒருவர் சொன்னதும் அது பிரச்சினையாகிவிட்டது. நிலைமை அதேதான். எதோடு வைத்துப் பார்த்தார்கள் என்பதுதான் மாறியது. இந்த இடம் பிடிபட்டால் மீதியெல்லாம் சுலபம்.

சங்கப் பொறுப்பாளர்: எங்கள் தொழிற்சாலைகளில் இயந்திர இரைச்சலால் காது போகிறது. ஐந்து வருடமாகக் கணக்கு எடுத்து மனு கொடுக்கிறோம். ஒருவரும் அசையவில்லை. எங்கள் ஓடை எது வற்றிப்போனது?

உங்கள் ஊர் அரசியல் எனக்குத் தெரியாததால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஐந்து வருடமும் நீங்கள் ஒரே ஓடையில்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. காது போகிறது என்பதை நிரூபித்தாயிற்று. அதிகாரி கேட்கும் அடுத்த கேள்வி, ‘சரி, நான் என்ன செய்யட்டும்?’ அதற்குக் கையில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

ஒரு யோசனை உயிர் பிழைக்க வேண்டுமானால் நடைமுறையில் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், செலவு தாங்க வேண்டும், துறை ஆட்களின் மனப்போக்குக்கு ஒத்துவர வேண்டும். இது ஒரு நாளில் நடக்காது. திரும்பத் திரும்ப வெவ்வேறு கூட்டங்களில் பேசி ஆட்களைப் பழக்க வேண்டும். முதல் தடவை கேட்பவர் சிரிப்பார், பத்தாவது தடவை ‘இது பழைய விஷயம்தானே’ என்பார். அந்தப் பத்தாவது தடவைதான் உங்களுக்கு வேண்டியது.

அப்புறம், உங்கள் தீர்வைக் காதோடு மட்டும் கட்டிப்போடாதீர்கள். அமெரிக்க நகரங்களில் பொதுப் போக்குவரத்து வேண்டும் என்று கேட்டவர்களைப் பற்றி கிங்டன் சொல்வது இதுதான். முதலில் போக்குவரத்து நெரிசலுக்கு அதுவே மருந்து என்றார்கள். சுற்றுச்சூழல் பேச்சு எழுந்ததும் புகை மாசுக்கு மருந்து என்றார்கள். எரிபொருள் நெருக்கடி வந்ததும் எரிபொருளை மிச்சப்படுத்தும் என்றார்கள். மருந்து மாறவே இல்லை, நோய் மட்டும் இரண்டு முறை மாறியது. கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும், ஆனால் ஏமாற்று இல்லை. மூன்றுக்கும் அது உண்மையிலேயே ஓரளவு பொருந்தியது.

போட்டித் தேர்வு எழுதுபவர்: ஜன்னல் திறக்கும் என்கிறார்களே, அது மனு கொடுக்கக் கடைசித் தேதி மாதிரியா? அட்டவணை எங்கே கிடைக்கும்?

சிரித்துவிட்டேன், ஆனால் கேள்வி அவ்வளவு தவறில்லை. மூன்று ஓடைகளும் ஒன்றுசேர வாய்ப்புள்ள அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் கிங்டன் ஜன்னல் என்கிறார். சில ஜன்னல்கள் தேதி குறித்தே திறக்கும். வருடாந்திர பட்ஜெட், குறிப்பிட்ட வருடத்துக்குப் பிறகு புதுப்பிக்க வேண்டிய சட்டம், தேர்தல் முடிந்து புது ஆட்சி வருவது, இவையெல்லாம் முன்கூட்டியே தெரியும். மற்றவை சொல்லாமல் கொள்ளாமல் வரும். இரண்டுமே சீக்கிரம் மூடிவிடும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்களே, அதேதான். நெல் அடித்துத் தயாராக இருப்பவனுக்குத்தான் காற்று பயன்படும்.

துறையில் ஆய்வு செய்பவர்: ஆனால் நீங்கள் கென்னடியை விட்டுவிட்டீர்கள். ஆல்ஃபிரட் கான் போர்டின் தலைவராகி, சட்டம் வருவதற்கு முன்பே பாதியைச் செய்துமுடித்தாரே. அப்படியிருக்க, இதை நிகழ்ச்சி நிரல் கதை என்று சொல்லலாமா?

விடவில்லை, இப்போதுதான் அந்த இடத்துக்கு வருகிறேன். செனட்டர் எட்வர்ட் கென்னடியின் துணைக்குழுவுக்கு விமானச் சட்டம் இயற்றும் அதிகாரமே கிடையாது. அது நிர்வாக நடைமுறைகளை விசாரிக்கும் குழு. அங்கே வேலை பார்த்த ஸ்டீஃபன் பிரையர் என்ற சட்டப் பேராசிரியர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதி, இந்த விஷயத்தைக் கென்னடியிடம் கொண்டுபோனார். 1975இல் விசாரணை நடந்தது. கலிபோர்னியா கட்டணத்தை அங்கே மேசைமேல் வைத்தார்கள். அறிஞர்களின் கட்டுரைகளில் கிடந்த ஒப்பீடு செய்தித்தாளுக்கு வந்தது அப்படித்தான். ஒரு கையில் பணவீக்கம், இன்னொரு கையில் பழைய தீர்வு, இரண்டையும் முடிச்சுப் போடும் ஆளைத்தான் கிங்டன் கொள்கை முனைவோர் என்கிறார்.

அரசியல் காற்றும் தோதாக இருந்தது. அதிபர் ஃபோர்டு குடியரசுக் கட்சி, அவருக்கு அடுத்து வந்த அதிபர் கார்ட்டர் ஜனநாயகக் கட்சி. இரண்டு பேருமே இதை ஆதரித்தார்கள். ஒருவருக்கு இது அரசுத் தலையீட்டைக் குறைப்பது, இன்னொருவருக்கு நுகர்வோருக்கு மலிவு. பெரும்பாலான விமான நிறுவனங்கள் எதிர்த்தன. ஆனால் யுனைடெட் என்ற பெரிய விமான நிறுவனம் ஆதரவுப் பக்கம் வந்ததும் எதிர் அணி ஒரே குரலில் பேச முடியவில்லை. 1978 அக்டோபர் 24 அன்று கார்ட்டர் கையெழுத்திட்டார்.

கான் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 1977இல் அவரைத் தலைவராகப் போட்டதே ஜன்னல் திறந்த பிறகு நடந்தது என்று நான் வாதிடலாம். ஆனாலும் அவர் செய்தது நிர்வாக வேலை, அதை இந்தக் கருத்து சரியாக விளக்குவதில்லை. இது ஒரு விஷயம் பேச்சுக்கு எப்படி வருகிறது என்பதைச் சொல்லும். முடிவாகும் கட்டத்துக்கும் அமலாகும் கட்டத்துக்கும் போகப்போக இதன் பிடி தளர்ந்துவிடும். பின்னால் வந்தவர்கள் அதை நீட்டிப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் முழுத் திருப்தியில்லை.

ஓய்வுபெற்ற அதிகாரி: கோப்பு எழுதியது நாங்கள், பேர் வாங்கியது அமைச்சர். உங்கள் ஓடையில் எங்களுக்கு இடமில்லையா?

நிறையவே உண்டு. எதைப் பேசுவது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெளியே தெரியும் ஆட்கள்: அதிபர், முக்கிய உறுப்பினர்கள். எந்தெந்த மாற்று வழிகள் மேசைமேல் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது உங்களைப் போல வெளியே தெரியாதவர்கள். கோப்பு இல்லையென்றால் ஜன்னல் திறக்கும்போது அமைச்சர் எதை எடுத்து நீட்டுவார்?

சந்தேகப்படும் வாசகர்: நடந்தால் ‘ஓடைகள் சேர்ந்தன’, நடக்காவிட்டால் ‘சேரவில்லை’. இதை எப்படித் தவறென்று நிரூபிப்பது?

இதுதான் இந்தக் கருத்துக்கு விழுந்த மிகப் பழைய அடி, நல்ல அடியும்கூட. முடிந்த பிறகு கதை சொன்னால் ஜன்னல் எப்போதும் திறந்திருந்ததாகவே தெரியும். என் மாணவர்களிடம் நான் சொல்வது: முடிவு தெரிவதற்கு முன் மூன்று ஓடைகளின் நிலையையும் எழுதி வையுங்கள். தீர்வு யார் கையில், எத்தனை வருடமாக இருக்கிறது, ஆட்சி மாறியதா, எந்த எண் ஏறுகிறது என்று. கூடவே, எல்லாம் தோதாக இருந்தும் நடக்காத ஒரு விஷயத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாத ஆய்வை நான் நம்புவதில்லை.

முன்கூட்டிச் சொல்லத்தக்க ஒன்றும் உண்டு. ஒரு துறையில் வென்ற வாதம் பக்கத்துத் துறைக்குத் தாவும் என்கிறது இந்தக் கருத்து. விமானத்துக்குப் பிறகு 1980இலேயே லாரிகளுக்கும் ரயில்களுக்கும் அதே பாணியில் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. அது ஒரு சான்று. ஆனால் எங்கே தாவும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு விதி கேட்டால் என்னிடம் இல்லை.