கையிருப்பு 23,510, அப்புறம் ஏன் இஎம்ஐ திரும்பியது?

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து முதல் முறையாக ஜூன் மாத பேங்க் ஸ்டேட்மென்ட் வாங்கினேன். ஓப்பனிங் பேலன்ஸ் 19,400, குளோசிங் பேலன்ஸ் 23,510. ஆனால் 5-ஆம் தேதி பைக் இஎம்ஐ 3,450 ரூபாய் பணமில்லை என்று திரும்பி, 590 ரூபாய் அபராதம் பிடித்திருக்கிறார்கள். பேங்க் தப்பு செய்துவிட்டதா?

பதில்: பேங்க் மேல் தப்பில்லை. ஓப்பனிங் 1-ஆம் தேதிக் காலையின் நிலவரம், குளோசிங் 30-ஆம் தேதி இரவின் நிலவரம். 5-ஆம் தேதி என்ன இருந்தது என்பதை வலது ஓரத்தில் வரிக்கு வரி ஓடும் பேலன்ஸ்தான் சொல்லும். அந்தந்த வரவு செலவு முடிந்தபின் மிச்சம் இருந்த தொகை அது. சில பேங்குகள் புதிய தேதியை மேலே போடும். அப்படியிருந்தால் கீழிருந்து படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய தாளில் 1-ஆம் தேதி அறை வாடகை 6,500 போய் 12,900 நிற்கிறது. 3-ஆம் தேதி அண்ணனுக்கு 10,000 அனுப்பியதும் 2,900. இரண்டு நாள் கழித்து இஎம்ஐ வந்து கேட்டபோது 550 ரூபாய் குறைந்தது. அதற்கு அபராதம் 500, ஜிஎஸ்டி 90. குறைந்ததைவிட அபராதம் அதிகம்! கடன் கொடுத்த கம்பெனியும் தனியாக ஒரு அபராதம் போடும், தவணை தவறியது கிரெடிட் ஸ்கோரையும் குறைக்கலாம்.

கூட்டியும் பார்த்துவிட்டேன். 19,400-உடன் சம்பளம் 22,000, அண்ணன் திருப்பித் தந்த 3,000. அதில் வாடகை, அண்ணன், அபராதம், இதர செலவு 3,800 எல்லாம் சேர்த்து 20,890 கழித்தால் 23,510. சரியாக இருக்கிறது.

அந்த 23,510-ஐப் பார்த்துத்தான் எனக்குக் கவலை. 30-ஆம் தேதி சம்பளம் விழுந்ததால் பெரிதாகத் தெரிகிறது. முந்தின வரியில் இருப்பது வெறும் 1,510. ஜூலையில் வாடகை 6,500, விட்டுப்போனதோடு இரண்டு தவணை 6,900, உங்கள் செலவு 3,800 போனால் ஏறக்குறைய 6,300 மிஞ்சும். கம்பெனி அபராதமும் அதிலிருந்துதான் போக வேண்டும். அண்ணன் கடைச் சரக்குக்கு மறுபடி பத்தாயிரம் கேட்பார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போன மாதப் பத்தில் ஏழு இன்னும் வரவில்லையே!

இந்த மாதம் 5-ஆம் தேதி தாண்டி, இஎம்ஐ கழிந்த வரியைக் கண்ணால் பார்த்தபின் அண்ணனுக்கு அனுப்புங்கள். அதுவும் நாலாயிரத்துக்கு மேல் வேண்டாம். பற்றாக்குறைக்கு உடனடிக் கடன் தருகிறோம் என்று ஆப் ஏதாவது மெசேஜ் அனுப்பினால் அழித்துவிடுங்கள், அது இன்னொரு இஎம்ஐ. விட்டுப்போன ஜூன் தவணையை எப்படிக் கட்டுவது, கம்பெனியே மறுபடி கணக்கிலிருந்து எடுக்குமா என்பதை மட்டும் இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். நீங்களும் கட்டி அவர்களும் எடுத்தால், ஓடும் பேலன்ஸ் மறுபடி இடறும்.