மைக்ரோடோஸிங்: வெறும் கூட்டை விழுங்கியவர்களும் தெம்பானார்கள்

கேள்வி: பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கிறேன். தடைக்காலம் வந்தால் மனசு ரொம்ப சோர்ந்து போகிறது. மைக்ரோடோஸிங் என்று எல்எஸ்டியைத் துளியூண்டு, மூணு நாளைக்கு ஒரு தடவை எடுத்தால் போதை ஏறாமலே மனசு தெளியும் என்று கூட்டாளி சொல்கிறார். உண்மையா?

உங்கள் கூட்டாளி பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு நன்றாகவே இருந்திருக்கும். அதை மருந்து செய்ததா என்பதுதான் விஷயம்.

எல்எஸ்டி மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளுக்கான 5-எச்டி2ஏ என்ற ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். 100 மைக்ரோகிராம் அளவில் எடுத்தால் மாயக்காட்சிகள் வரும். அதில் பத்தில் ஒரு பங்கு எடுத்தால் காட்சி வராது, ஆனால் நரம்பணுக்கள் புதிய கிளைகள் விடும், அதனால் மனம் இளகும் என்பது இதை நம்புகிறவர்கள் சொல்லும் விளக்கம். கண்ணாடித் தட்டில் வளர்த்த நரம்பணுக்களில் கிளை விடுவதைப் பார்த்திருக்கிறார்கள். அது ஒரு மனிதனின் சோர்வைத் தீர்க்குமா என்பதற்குத் தனியாகச் சோதனை வேண்டும்.

ஏன் வேண்டும் என்பதை உங்கள் ஊர்க் கணக்கிலேயே பாருங்கள். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கையில் காசு தீர்ந்து மனசு அடிமட்டத்துக்குப் போகும் மே நடுவில் ஒருவர் ஆரம்பிக்கிறார் என்று வையுங்கள். நாலைந்து வாரம் கழித்துப் படகு கடலுக்குப் போய்விடும், மனசும் நிமிரும். பெயர் மட்டும் எல்எஸ்டிக்குப் போகும். யாருமே மனசு நன்றாக இருக்கும் நாளில் இதைத் தொடங்குவதில்லை. அதனால் அதே நாட்களில் வெறும் மாத்திரை எடுத்த இன்னொரு கூட்டம் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

அப்படி ஒரு சோதனையை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆட்கள் செய்து 2021-ல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே சொந்தமாக இதை எடுக்க இருந்தவர்களே உள்ளே தெரியாத கேப்சூல் கூடுகளில் சிலவற்றில் மருந்தை வைத்தார்கள், சிலவற்றைக் காலியாக விட்டார்கள். உறைகளில் போட்டு, க்யூஆர் ஒட்டி, கலைத்துவிட்டு எடுத்தார்கள். எந்த உறையில் எது என்பது ஆய்வாளர்களின் கணினிக்குத்தான் தெரியும். 191 பேர் நாலு வாரம் முடித்தார்கள். மருந்து எடுத்தவர்களின் மனநிலை முன்னேறியது. வெறும் கூடு விழுங்கியவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு முன்னேறியது. மிஞ்சிய உறைகளைப் பிரித்துப் பார்த்து, இத்தனை நாளும் காலிக் கூட்டையா எடுத்தோம் என்று திகைத்தவரும் உண்டு.

எடுத்த நாளில் மட்டும் மருந்துக் கூட்டத்துக்குச் சிறு தெம்பு தெரிந்தது. ஆனால் இன்றைக்கு எது எடுத்தீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானோர் சரியாகவே ஊகித்துவிட்டார்கள். உடம்பில் லேசாக ஏதோ தட்டுப்பட்டதும் ‘இது மருந்துதான்’ என்று மனசு முடிவுகட்டிவிடுகிறது. காலிக் கூட்டை எடுத்துவிட்டு மருந்து என்று நம்பியவர்களுக்கும் தெம்பு வந்தது. ஊகத்தைக் கணக்கில் கழித்ததும் அந்தச் சிறு வித்தியாசமும் நிற்கவில்லை.

வீட்டில் செய்த சோதனை, மருந்தின் அளவு யாருக்குத் தெரியும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நியாயமான கேள்வி. அளவு நிச்சயமாகத் தெரிந்த சோதனைகளும் இருக்கின்றன. கவனக்குறைவுக் கோளாறு உள்ள 53 பேருக்கு 20 மைக்ரோகிராம் எல்எஸ்டி அல்லது போலி மருந்தை வாரம் இரண்டு முறை, ஆறு வாரம் கொடுத்தார்கள். இரண்டு கூட்டமும் முன்னேறியது, எல்எஸ்டி முந்தவில்லை. ஆக்லாந்தில் 80 ஆண்களுக்கு 10 மைக்ரோகிராம் எல்எஸ்டி அல்லது போலி மருந்தைக் கொடுத்ததில், எல்எஸ்டி எடுத்த நாளில் உற்சாகம் கூடியது, ஆறு வாரத்துக்குப் பின் நிலைத்த மாற்றம் இல்லை. பதற்றம் தாங்காமல் நாலு பேர் பாதியில் விலகினார்கள். அவர்கள் எல்லோரும் மருந்து எடுத்தவர்கள். எல்எஸ்டி உடம்பில் ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. சோர்வைத் தீர்க்கும் என்பதற்குத்தான் ஆதாரம் வரவில்லை.

கேட்காததையும் சொல்கிறேன். நம் கரையில் மனசு சரியில்லை என்றால் உடனே ஏர்வாடிப் பேச்சு வந்துவிடுகிறது. 2001-ல் அங்கே சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் தீயில் வெந்து செத்தபின்னும் அந்தப் பயம் போகவில்லை. அதனால்தான் டாக்டரிடம் வாய் திறக்காதவர் யாரோ அனுப்பிய, எல்எஸ்டி தோய்த்த அட்டைத் துண்டை நம்புகிறார். அந்த அட்டையில் மருந்து சமமாகப் பரவியிருக்காது. பத்தாக வெட்டினால் ஒரு துண்டில் ஒன்றுமே இருக்காது, இன்னொன்றில் போதை ஏறும் அளவு இருக்கும். வைத்திருப்பதே 1985 போதைப்பொருள் சட்டப்படி குற்றம்.

14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் கூட்டாளி பேச்சைக் கேட்டு அதை நிறுத்தாதீர்கள். அது லித்தியமாக இருந்தால் எல்எஸ்டியை எந்த அளவிலும் தொடக் கூடாது. இரண்டும் சேர்ந்து வலிப்பு வந்தவர்கள் இருக்கிறார்கள்.