சர்வே முடிவை எப்படிப் படமாகக் காட்டுவது, கீழே என்ன எழுதுவது?

கேள்வி: பாம்பனிலும் மண்டபத்திலும் மீன்பிடித் தடைக்காலத்தில் கடன் வாங்கினீர்களா என்று கேட்டேன். இரண்டு பை சார்ட் போட்டிருக்கிறேன். கைடு புரியவில்லை என்கிறார். எப்படி மாற்றுவது?

பை சார்ட்டை எடுத்துவிடுங்கள். இரண்டு வட்டங்களின் துண்டுகளைக் கண்ணால் ஒப்பிடுவது கஷ்டம். பூஜ்யத்தில் தொடங்கும் கிடைமட்டப் பட்டைகள் போதும்.

அதைவிட முக்கியம், சதவீதத்தோடு ஆள் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். பாம்பனில் 40 பேரில் 24 பேர், மண்டபத்தில் 12 பேரில் 9 பேர் கடன் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். 60%, 75% என்று மட்டும் போட்டால் மண்டபத்தில்தான் நிலைமை மோசம் என்று தோன்றும். ஆனால் அங்கே இரண்டு பேர் பதிலை மாற்றியிருந்தால் 75% என்பது 58% ஆகி, பாம்பனுக்குக் கீழே போய்விடும். அதனால் பட்டைக்குப் பக்கத்திலேயே ‘12-ல் 9’ என்று எழுதுங்கள். வயது, படகு வகை எல்லாம் அட்டவணைக்குப் போகட்டும்.

அப்புறம் தலைப்பு வரி. ‘படம் 1: ஊர்வாரியாகக் கடன்’ என்பது வெறும் பெயர்ப்பலகை. இப்படி எழுதலாம்: ‘ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில், கேட்ட 52 பேரில் 33 பேர் கடன் வாங்கினர், மண்டபத்தில் 12 பேரே இருப்பதால் ஊர்களை ஒப்பிட முடியாது.’ ‘தடையால் கடன் கூடியது’ என்று மட்டும் எழுதாதீர்கள். மற்ற மாதங்களின் கடனை நீங்கள் கேட்கவே இல்லையே.