ராத்திரி மீட்டிங் மட்டும் திக்குதா? வைஃபையா, தெருக் கேபிளா?

கேள்வி (கிருஷ்ணகிரி): சார், பகல்ல மீட்டிங் சுத்தமா போகுது. ராத்திரி ஏழரைக்கு மேல என் குரல் வெட்டி வெட்டி வருதுன்னு சொல்றாங்க. கேபிள் டிவி ஒயர்லயே வர்ற நெட். பக்கத்து வீட்டுப் பசங்க என் வைஃபையைத் திருடுறாங்களோன்னு சந்தேகம்.

பதில்: பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், சந்தேகம் தீரும். ஆனால் அவர்கள் உங்கள் வைஃபைக்குள் வராமலே உங்களைத் திக்கவைக்க முடியும். தெருவில் நோடு என்ற கம்பெனிப் பெட்டி ஒன்றிலிருந்து கிளம்பும் ஒயர்தான் பிரிந்து பிரிந்து பல வீடுகளுக்குப் போகிறது. நீங்கள் பேசுவதை மேலே அனுப்ப உங்கள் மோடம் முறை கேட்டுக் காத்திருக்க வேண்டும். எல்லா வீடும் ஒரே நேரத்தில் நெட்டில் உட்கார்ந்தால் அந்தக் காத்திருப்பு நீளும்.

எந்தப் பக்கம் கோளாறு என்று பார்க்க முதலில் விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் இதை ஓட்டுங்கள், `8.8.8.8` என்பது கூகுளின் சர்வர்:

```
tracert -d 8.8.8.8
```

முதல் வரியில் வருவது உங்கள் ரூட்டர், பெரும்பாலும் `192.168.1.1`. அடுத்த வரி கம்பெனிப் பக்கத்து முதல் பெட்டி. மோடமும் ரூட்டரும் தனித்தனியாக இருந்தாலும் பொதுவாக இப்படித்தான் வரும். இரண்டு ஜன்னல் திறந்து, ஒன்றில் ரூட்டருக்கும் இன்னொன்றில் அந்த இரண்டாவது முகவரிக்கும் `ping -t` கொடுங்கள், பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று காட்டும். பகலில் கொஞ்ச நேரம், ராத்திரி திக்கும்போது கொஞ்ச நேரம் ஓடட்டும். லேப்டாப்பை லேன் ஒயரில் மாட்டியும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி (தருமபுரி): இதுக்கு இவ்வளவு வேலை எதுக்குண்ணா? ராத்திரி ஸ்பீட் டெஸ்ட்ல 40 எம்பிபிஎஸ் வந்தா லைன் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்? அப்ப வைஃபைதான் கோளாறு.

பதில்: பாதி சரி. ராத்திரியில் மட்டும் வருகிறது என்பதாலேயே கம்பெனியைக் குற்றம் சொல்ல முடியாது. அதே நேரத்தில்தான் சுற்றியுள்ள வீடுகளின் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் நெருக்கியடிக்கும். லேன் ஒயர் போடச் சொன்னது அதற்காகத்தான்.

ஆனால் அந்த 40 இறங்கும் வேகம். கேபிளில் ஏறும் பாதை மிகக் குறுகல். பழைய ஏற்பாட்டில் ஒரு ஏறு சேனலுக்குக் கிட்டத்தட்ட 30 எம்பிபிஎஸ்தான், அதைத்தான் அத்தனை வீடும் பங்கு போடுகின்றன. படம் பார்ப்பவருக்குப் பிரச்சினை இல்லை, முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டு ஓடும். பேச்சை அப்படிச் சேர்த்து வைக்க முடியாது. கால் நொடி தாமதம் ஏறி இறங்கினாலே குரல் வெட்டும்.

கேள்வி (மறுபடி கிருஷ்ணகிரி): சார், லேன் ஒயர்லயே பார்த்துட்டேன். பகல்ல ரூட்டர் 1, அடுத்த பெட்டி 12. ராத்திரி ரூட்டர் அதே 1. அடுத்தது 90, 240, 150ன்னு குதிக்குது, நடுநடுவுல `Request timed out`.

பதில்: உங்கள் வைஃபை தப்பித்தது. ஆனால் உடனே போனை எடுத்துக் கேபிள்காரரைத் திட்ட வேண்டாம், இரண்டு விஷயம் பாக்கி. வீட்டில் யாராவது போனில் எடுத்த போட்டோக்கள் ராத்திரியில் தானாக ஏறுகின்றனவா? உங்கள் ஏறும் பாதையை உங்கள் வீடே அடைத்தாலும் இதே எண்கள்தான் வரும். எல்லோரையும் துண்டித்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

அடுத்து, பிரவுசரில் `192.168.100.1` திறந்தால் பல மோடம்களில் சிக்னல் பக்கம் வரும். அங்கே மோடம் மேலே அனுப்பும் சிக்னலின் பலமான `Upstream Power` பகலும் ராத்திரியும் ஏறக்குறைய ஒரே மாதிரி, சுமார் 40 முதல் 48க்குள் இருந்து, தாமதம் மட்டும் கூடினால் அது நெரிசல். பவர் 50ஐத் தாண்டி, `T3 time-out` வரிசையாக வந்திருந்தால் துருப்பிடித்த கனெக்டரோ கம்பத்து ஆம்ப்ளிஃபையரோ இருக்கலாம். அதை லைன்மேன் வந்தே சரிசெய்வார். நெரிசலை அவரால் ஒன்றும் செய்ய முடியாது, கம்பெனிதான் நோடைப் பிரித்து, ஒரு நோடில் இருக்கும் வீடுகளைக் குறைக்க வேண்டும்.

இன்னொன்று: சில பெட்டிகள் பிங்குக்கு வேண்டுமென்றே மெதுவாகப் பதில் சொல்லும். அதனால் `8.8.8.8`க்கும் ஒரு பிங் ஓடட்டும். அதுவும் சேர்ந்து குதித்தால்தான் கணக்கில் வையுங்கள்.

கேள்வி (பாலக்கோடு): தம்பி, எங்க வீட்டு டிவியில படம் எப்பவும் சுத்திக்கிட்டே நிக்குது, விடியக்காலையிலயும். எங்களுக்கும் நோடைப் பிரிக்கச் சொல்லணுமா?

பதில்: விடியற்காலையிலும் அப்படியென்றால் இந்த வியாதி இல்லைக்கா. ரூட்டரை டிவி இருக்கும் அறைக்கே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

கேள்வி (கிருஷ்ணகிரி): பவர் 44, மாறவே இல்லை. வீட்டுல எல்லாத்தையும் அணைச்சும் அதே குதிப்பு, `8.8.8.8`ம் சேர்ந்து. கேபிள்காரர் 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறச் சொல்றார். மாறலாமா?

பதில்: காசு வீண். பிளான் உங்களுக்கான உச்சவரம்பை உயர்த்தும், தெரு ஒயரின் ஏறும் பாதை அதே அளவில்தான் இருக்கும். பகல் ராத்திரி இரண்டு பிங் படங்களையும் நேரத்தோடு எழுத்தில் அனுப்பி, உங்கள் நோடில் ஏறும் பாதை எவ்வளவு நிரம்புகிறது என்று கேளுங்கள். வாயால் சொன்னால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். பிரித்துத் தருவார்களா, எப்போது என்பது அவர்கள் கையில். அதுவரை ராத்திரி மீட்டிங்கில் உங்கள் கேமராவை அணைத்துவிடுங்கள், குரலுக்கு 100 கேபிபிஎஸ் இருந்தாலே போதும். முக்கியமான நாளில் போன் ஹாட்ஸ்பாட்டில் பேசுங்கள். ஆனால் அந்த டவரும் அதே நேரத்தில் நெரியலாம், முதல் நாளே அதையும் பிங் போட்டுப் பார்த்துவிடுங்கள்.