‘கெபாசிட்டி’ இருப்பதைப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம்

கேள்வி: அப்பா, தாத்தா இருவருமே குடிநோயாளிகள். எனக்கு வயது 22, பெங்களூரில் வேலை. நண்பர்களோடு அளவாகக் குடித்தால் எனக்கும் அது வந்துவிடுமா?

பதில்: கட்டாயம் வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் மற்றவர்களைவிட உங்களுக்கு வாய்ப்பு அதிகம். டென்மார்க்கில் பிறந்த சில வாரங்களிலேயே தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்களைப் பற்றி 1973-இல் ஓர் ஆய்வு வெளியானது. பெற்றவர் குடிநோயாளியாக இருந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 5 சதவீதம் பேருக்கும் குடிநோய் வந்திருந்தது. வளர்த்த வீடு வேறாக இருந்தும் ஆபத்து பின்தொடர்ந்தது. ஆனாலும் பெரும்பாலோர் தப்பித்தார்கள்.

அந்த ஆபத்து உடலில் எப்படித் தெரியும் என்பதைத்தான் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க மருத்துவர் மார்க் ஷுக்கிட், குடிநோயாளிகளின் மகன்களுக்கு இருபது வயதையொட்டி அளந்து மது கொடுத்து, அவர்கள் எவ்வளவு தள்ளாடுகிறார்கள், எவ்வளவு போதையை உணர்கிறார்கள் என்று பதிவு செய்தார். சுமார் பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அன்று போதை குறைவாக ஏறியவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோயாளிகளாகியிருந்தார்கள். நன்றாக ஏறியவர்களில் 14 சதவீதம் பேர்தான். போதும் என்று உடல் சொல்லும் குரல் இவர்களுக்குத் தாமதமாகவே கேட்கிறது.

என் சித்தப்பா மகனிடம் இதை நேரில் கண்டேன். மடிவாளாவில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். சனிக்கிழமை இரவுகளில் மற்றவர்கள் இரண்டாவது பெக்கிலேயே தளர்ந்து சாய்ந்துவிட, அவன் ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டு எல்லோருடைய தட்டுகளையும் கழுவி அடுக்குவான். ‘அவனுக்கு கெபாசிட்டி’ என்று நாங்களே பெருமையாகச் சொன்னோம். குவார்ட்டர் என்பது 180 மில்லி, அதாவது 30 மில்லி வீதம் ஆறு அளவுகள் என்று அன்று யாரும் எண்ணவில்லை. இரண்டே ஆண்டுகளில் அதே போதைக்கு அவனுக்கு இரண்டு குவார்ட்டர் தேவைப்பட்டது. பிறகு ஒரு காலையில், காபி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தும் அவனால் நடுங்காமல் வாயருகே கொண்டுபோக முடியவில்லை. சித்தப்பாவின் கைகளும் அப்படித்தான் நடுங்கின.

என் பெரியப்பாவும் குடியால்தான் இறந்தார். ஆகவே நான் தொடங்கவே இல்லை, உங்களுக்கும் அதையே சொல்வேன். தொடங்காதவருக்கு இந்த மரபு எதுவும் செய்ய முடியாது. அதையும் மீறிக் குடிப்பதென்றால், ‘ஏறவில்லையே’ என்ற உணர்வை நம்பாமல் மில்லிக் கணக்கை மட்டும் நம்புங்கள். ஆறு மாதத்துக்கு முன் போதுமாயிருந்த அளவு இன்று போதவில்லை என்றால் அப்போதே நிறுத்திவிடுங்கள். கை நடுங்கும் நிலைக்கு வந்தவர் மட்டும் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரக்கூடும். ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸில் போதை மீட்புக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. சித்தப்பா மகனை அங்கேதான் அழைத்துப் போனோம்.